கடை அட்மின் பேனலில் விலையும் படமும் மாற்றுவது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

ஆன்லைன் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், பொருள்களின் விலையையும் படத்தையும் மாற்றும் அட்மின் பேனலில் ஒரு பொருளின் விலையை 1,250 என்று மாற்றினேன். Save அழுத்தியதும் பச்சை நிறத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பொருள் தளத்தில் வெறும் 1-க்கு விற்றுக்கொண்டிருந்தது, ஏழு ஆர்டர்களும் வந்திருந்தன. நான் போட்ட காற்புள்ளிதான் காரணம். அந்தப் பேனல் காற்புள்ளிக்கு முன்னால் இருந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இதைப் பார்த்துக்கொள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவும் இல்லை.

கடைக்கென்று தனியாக எழுதி வாங்கிய பேனல்களில் இதுதான் சிரமம். பெரிய விற்பனை மென்பொருள்களில் இதுபோன்ற தவறுகளைப் பிடிக்கும் சோதனைகள் பெரும்பாலும் இருக்கும். சொந்தப் பேனலில் அதை எழுதியவர் நினைத்துப் பார்த்த சோதனைகள் மட்டுமே இருக்கும். உங்கள் பேனலில் பொத்தான்களின் பெயர் வேறாக இருக்கலாம், ஆனால் கீழே சொல்லும் வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தோள்பை, மூன்று அளவுகள். சிறியதின் குறியீடு 004721, விலை 980. நடு அளவு 004722, விலை 1,250. பெரியது 004723, விலை 1,490. நடு அளவின் விலையை மட்டும் 1,340 ஆக்கி, அதற்குப் புதிய படமும் போட வேண்டும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, எழுத்தில் உள்ள விலைப்பட்டியல். “அந்தப் பையை ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஆக்கிடுங்க” என்று வாய்வழியாகச் சொன்னதை வைத்து விலையை மாற்றாதீர்கள். எந்தப் பை, எந்த அளவு, எந்தத் தேதியிலிருந்து, வரி சேர்த்தா சேர்க்காமலா என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். ஒரு செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வந்தாலும் போதும். பின்னால் கேள்வி வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

இரண்டாவது, பொருளின் குறியீடு. பெயரை வைத்துத் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் நான்கு பைகள் வரும், குறியீட்டில் தேடினால் ஒன்றுதான் வரும். மூன்றாவது, படங்கள் கணினியில் ஒரே ஃபோல்டரில் தயாராக இருக்க வேண்டும். பொருளின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் படத்தைத் தேடப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பேனல் உங்களை வெளியே தள்ளிவிடும். சிலவற்றில் இரண்டு மணி நேரம், சிலவற்றில் அரை மணிக்கும் குறைவு. திரும்பி வந்து Save அழுத்தினால் ‘419 Page Expired’ போன்ற ஒரு பக்கம் வரும், அதுவரை எழுதியது போய்விடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பழகிய பிறகு ஒரு பொருளின் விலைக்கு மூன்று நிமிடம், படத்துக்குப் பத்து நிமிடம் ஆகிறது. முதல் வாரத்தில் இதைப் போல மூன்று மடங்கு ஒதுக்குங்கள். ஆர்டர் குறைவாக வரும் நேரத்தில் செய்யுங்கள். வேலை முடிந்து கிளம்பும் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் வேண்டாம், ஏனென்றால் தவறு நடந்திருந்தால் அதைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது.

2. உங்கள் பெயரிலேயே நுழையுங்கள்

கடையில் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், உங்களுக்கென்று தனிக் கணக்கு கேளுங்கள். யார் எப்போது எந்த விலையை மாற்றினார் என்று பல பேனல்கள் குறித்து வைக்கும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தக் குறிப்பால் பயன் இல்லை.

இன்னொரு விஷயம். ஒரே பொருளை இருவர் ஒரே நேரத்தில் திறந்தால், கடைசியாகச் சேமித்தவருடையதுதான் நிற்கும். நீங்கள் பத்து மணிக்குப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். பத்தேகாலுக்குச் சக ஊழியர் அதே பொருளின் விவரத்தைத் திருத்துகிறார். பத்தரைக்கு நீங்கள் விலையைச் சேமித்தால் அவர் திருத்தியது பழையபடி மாறிவிடலாம். ஆகவே யார் எந்தப் பொருள்களைப் பார்க்கிறார் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

3. விலையை மாற்றுவது

தேடும் பெட்டியில் 004722 என்று போட்டுப் பொருளைத் திறங்கள். இங்கே புதியவர்கள் அதிகம் தடுமாறுவது எந்த விலைப் பெட்டி என்பதில்தான். பொருளுக்கு மேலே பொதுவாக ஒரு விலைப் பெட்டி இருக்கும், கீழே ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும். அளவுக்கென்று ஒரு விலை எழுதப்பட்டிருந்தால் பல பேனல்களில் மேலே உள்ள பொது விலையைத் தளம் பார்க்கவே பார்க்காது. நீங்கள் மேலே 1,340 போட்டுச் சேமிப்பீர்கள், தளத்தில் ஒன்றும் மாறாது. பேனல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி முயல்வீர்கள். இதற்கு நேர் எதிரான பேனல்களும் உண்டு, அவற்றில் பொது விலையை மாற்றினால் மூன்று அளவுகளுக்கும் அதே விலை ஏறிவிடும். நம் தோள்பைக்கு 004722 வரிசையில் உள்ள பெட்டியை மட்டும்தான் தொட வேண்டும்.

பழைய எண்ணை முழுதாக அழித்துவிட்டு `1340` என்று வெறும் இலக்கங்களாக எழுதுங்கள். காற்புள்ளி, இடைவெளி, நாணயக் குறி எதுவும் வேண்டாம். சில்லறை இருந்தால் புள்ளி மட்டும் போடலாம்: `1340.50`. விலைப்பட்டியலிலிருந்து காப்பி செய்து ஒட்டுவதைவிடக் கையால் எழுதுவது நல்லது. ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் காற்புள்ளியும் கூடவே வந்துவிடும்.

எழுதி முடித்ததும் பெட்டிக்கு வெளியே ஒரு வெற்றிடத்தில் கிளிக் செய்துவிட்டு, அப்புறம் பக்கத்தை நகர்த்துங்கள். சில பிரவுசர்களில் எண் பெட்டிக்குள் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் பக்கம் நகராமல் எண் மாறும். 1340 உங்களுக்குத் தெரியாமலே 1337 ஆகிவிடும். ஒற்றைப்படையாக, யாரும் வைக்காத ஒரு விலை தளத்தில் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வரி. பெட்டியில் எழுதுவது வரி சேர்த்த விலையா, சேர்க்காததா? பேனலில் இது எழுதப்பட்டிருக்காவிட்டால், விலை மாறாத வேறொரு பொருளை எடுத்துப் பேனலில் உள்ள எண்ணையும் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தில் வரும் தொகையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வரி சேர்த்த விலை. பேனலில் 1,000 இருந்து, டெலிவரிக் கட்டணத்தைக் கழித்த பிறகும் கட்டும் பக்கத்தில் 1,100 வந்தால், தளம் 10 சதவீத வரியைத் தானாகக் கூட்டுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட பேனலில் வரி சேர்த்த 1,340-ஐ எழுதினால் வாடிக்கையாளர் 1,474 கட்டுவார். இதை முதல் நாளே ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் பிறகு பார்க்க வேண்டியதில்லை.

4. தள்ளுபடி இருந்தால்

தள்ளுபடிப் பெட்டி ஒவ்வொரு பேனலிலும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும், சிலவற்றில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று, சிலவற்றில் குறைத்த பிறகு விற்கும் விலையையே எழுத வேண்டும். பெட்டிக்குப் பெயர் Sale price என்று இருந்தால் அது கடைசி வகை. அதில் 15 சதவீதம் என்று நினைத்து 15 எழுதினால் பை 15-க்கு விற்கும். 1,340-இல் 15 சதவீதம் 201, ஆகவே எழுத வேண்டியது `1139`.

முடிவுத் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ‘10ஆம் தேதி வரை’ என்று சொன்னால் மக்கள் 10ஆம் தேதி இரவு வரை என்று எடுத்துக்கொள்வார்கள். பேனலில் தேதியை மட்டும் கொடுத்தால் அது 10ஆம் தேதி 00:00 மணி, அதாவது 9ஆம் தேதி இரவு முடிந்த நொடியிலேயே தள்ளுபடியை நிறுத்திவிடலாம். நேரமும் எழுத இடம் இருந்தால் 23:59 போடுங்கள், இல்லையென்றால் அடுத்த நாளின் தேதியைக் கொடுங்கள். சர்வரின் கடிகாரம் உங்கள் ஊர் நேரத்தில் ஓடுகிறதா, உலகப் பொது நேரமான UTC-யில் ஓடுகிறதா என்பதையும் பேனல் செய்தவரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள். நேரம் குறித்து வைத்த விலை சில மணி நேரம் முன்போ பின்போ மாறினால் அதுதான் காரணமாக இருக்கும்.

5. படத்தைத் தயார் செய்வது

இதற்கென்று பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஃபோன் கேமரா, ஒரு வெள்ளைத் தாள் அட்டை, ஜன்னல் வெளிச்சம் போதும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் பையின் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். நிறம் மாறித் தெரிந்த படம்தான் பொருளைத் திருப்பி அனுப்ப வைக்கும், அதற்குக் கடை இரண்டு தடவை கூரியர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். பட்டியல் பக்கத்துக்காகத் தளம் படத்தைச் சதுரமாக வெட்டும், பெரும்பாலும் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும். விளிம்பு வரை நிறைத்து எடுத்தால் பையின் கைப்பிடி போய்விடும். நீங்களே முதலில் சதுரமாக வெட்டிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது அளவு. ஃபோனில் எடுக்கும் படம் பொதுவாக 4000 x 3000 பிக்சல் அளவில், 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். ஆனால் பல சர்வர்களில் ஒரு கோப்புக்கு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 2 எம்பி, சிலவற்றில் 1 எம்பிதான். அதை மீறினால் ‘413 Request Entity Too Large’ என்று வரலாம். சில பேனல்களில் ஒன்றுமே வராது. எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு ஓடி முடியும், ஆனால் படம் இருக்காது. ஆகவே 1600 x 1600 பிக்சலுக்குக் குறைத்து, JPEG வடிவில் 80 தரத்தில் சேமியுங்கள். பெரும்பாலும் 200 முதல் 400 கேபிக்குள் வந்துவிடும். பெரிதாக்கிப் பார்க்கவும் அது போதும், மெதுவான இணைப்பிலும் சீக்கிரம் திறக்கும்.

ஐபோனில் எடுப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். அதில் படங்கள் இயல்பாக HEIC வடிவில் சேமிக்கப்படும், அதைப் பல பிரவுசர்கள் காட்டாது. அதனால் உங்கள் ஃபோனில் படம் நன்றாகத் தெரியும், வாடிக்கையாளருக்கு உடைந்த சின்னம் தெரியும். கோப்பின் பெயரில் .heic என்பதை அழித்து .jpg என்று எழுதினால் வடிவம் மாறாது. Settings, Camera, Formats என்று போய் Most Compatible என்பதைத் தேர்ந்துகொண்டால் அடுத்த படத்திலிருந்து JPEG ஆகவே சேமிக்கும்.

படத்தை வாட்ஸ்அப் வழியாகக் கணினிக்கு அனுப்பினால் டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, துணியின் நெசவெல்லாம் கலங்கிப் போகும்.

கோப்புக்குக் குறியீட்டை வைத்தே பெயரிடுங்கள்: `004722-1.jpg`, `004722-2.jpg`. இடைவெளி, தமிழ் எழுத்து, அடைப்புக்குறி வேண்டாம். `IMG_2041 (1).jpg` போன்ற பெயர்களைச் சில பேனல்கள் ஏற்றிவிட்டு அப்புறம் காட்டத் தெரியாமல் விழிக்கும்.

6. படத்தை ஏற்றுவது

பழைய படத்தை முதலில் அழிக்காதீர்கள். புதியதை ஏற்றி, அது தளத்தில் தெரிகிறது என்று பார்த்த பிறகே பழையதை எடுக்க வேண்டும். இடையில் இணைப்பு போய்விட்டால் படமே இல்லாத பொருள் கடையில் நிற்கும்.

ஏற்றியதும் வரிசையைப் பாருங்கள். முதலில் உள்ள படம்தான் பட்டியலிலும் தேடலிலும் வரும். புதிய படம் பொதுவாகக் கடைசியில் போய் உட்காரும், அதை இழுத்து இடம் மாற்ற வேண்டும். நம் உதாரணத்தில் படம் நடு அளவுக்கு மட்டும் என்பதால், 004722 வரிசையில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். இதை விட்டால் சிறிய பையைத் தேடி வருபவருக்கும் நடு அளவின் படம் தெரியும்.

படம் பேனலில் படுத்துக்கொண்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நிமிர்த்திக் காட்டு என்ற குறிப்பை ஃபோன் கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும், பேனல் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். படத்தை ஃபோனின் எடிட்டரில் திறந்து, ஓரத்தில் ஒரு துளி வெட்டிச் சேமித்து மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் எடுக்கும் படம் என்றால் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். எடுத்த இடமும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், எல்லாப் பேனல்களும் அதை நீக்குவதில்லை.

7. வாடிக்கையாளரின் கண்ணால் பாருங்கள்

பச்சைச் செய்தி சொல்வது ‘நீங்கள் கொடுத்ததை எழுதிக்கொண்டேன்’ என்பது மட்டும்தான். சரியாக எழுதிக்கொண்டேன் என்று அது சொல்லவில்லை. சில பேனல்களில் Save என்பது வரைவாக மட்டும் வைக்கும், Publish அழுத்தினால்தான் வெளியே போகும். அன்று நான் ஒரு நிமிடம் செலவழித்துத் தளத்தைப் பார்த்திருந்தால் அந்த ஏழு ஆர்டர்கள் வந்திருக்காது.

பேனலில் நுழையாத ஒரு பிரவுசரில், அதாவது இன்காக்னிட்டோ விண்டோவில், அல்லது ஃபோனில் மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறங்கள். மூன்று அளவுகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாருங்கள்: 980, 1,340, 1,490 என்று வர வேண்டும். மாற்றாத இரண்டையும் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். பிறகு நடு அளவைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்த் தொகையைப் பார்த்துவிட்டு, கட்டாமல் வெளியே வந்து கூடையைக் காலி செய்யுங்கள்.

பழைய விலையோ பழைய படமோ தெரிந்தால் Ctrl+F5 அழுத்துங்கள். அப்படியும் மாறாவிட்டால் வேகத்துக்காகத் தளம் பக்கங்களின் பிரதியை வைத்திருக்கும் கேஷில் பழைய பக்கம் இருக்கலாம், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். படம் மட்டும் பிடிவாதமாக மாறவில்லை என்றால் பழைய பெயரிலேயே புதிய படத்தை ஏற்றியிருப்பீர்கள். `004722-1b.jpg` என்று பெயரை மாற்றி ஏற்றினால் உடனே வந்துவிடும்.

8. நிறையப் பொருள்களின் விலை ஒரே தடவையில்

இருபது பொருள்களுக்கு மேல் இருந்தால் CSV கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த பட்டியல், வழியாக மாற்றுவது நல்லது. ஆனால் முதல் மாதத்தில் தனியாகச் செய்ய வேண்டாம், ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேனலிலிருந்து தற்போதைய விலைகளை இறக்கி, தேதியோடு பெயரிட்டுத் தொடாமல் வையுங்கள். ஏதாவது நடந்தால் அதைத் திரும்ப ஏற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். அதன் பிரதி ஒன்றில்தான் வேலை செய்ய வேண்டும். கீழே sku என்பது பொருளின் குறியீடு.

```
sku,price
004721,980
004722,1340
004723,1490
```

இதை எக்ஸெலில் நேராகத் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய், 004722 என்பது 4722 ஆகிவிடும். அப்படியே சேமித்து ஏற்றினால் பேனல் அந்தப் பொருளைக் காணோம் என்று சொல்லும், அல்லது 4722 என்ற புதிய பொருளை உருவாக்கிவிடும். இரண்டாவதுதான் மோசம். எக்ஸெலில் Data பகுதியில் From Text/CSV வழியாகத் திறந்து, Transform Data அழுத்தி, அந்த நெடுவரிசையின் வகையை Text என்று மாற்றிக்கொள்ளுங்கள், கேட்டால் Replace current என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொருள் பெயர்கள் தமிழில் இருந்தால் சேமிக்கும்போது CSV UTF-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

முழுக் கோப்பையும் ஏற்றும் முன் இரண்டு வரிகளை மட்டும் தனிக் கோப்பாக்கி ஏற்றி, தளத்தில் பாருங்கள். அது சரியாக இருந்தால் மற்றதை ஏற்றலாம்.

9. தவறான விலை வெளியே போய்விட்டால்

முதலில் விலையைத் திருத்த முயலாதீர்கள், பொருளை மறையுங்கள். Hide, Unpublish அல்லது ‘இருப்பு 0’ என்று எது கைக்கு வருகிறதோ அதைச் செய்யுங்கள். அவசரத்தில் விலையைத் திருத்தினால் இரண்டாவது தவறு வரும். மறைத்த பிறகு, தவறு நடந்த நேரத்திலிருந்து வந்த ஆர்டர்களைப் பட்டியலிடுங்கள். பிறகு விலையைத் திருத்தினாலும் ஏற்கெனவே வந்த ஆர்டர்களில் பழைய தொகைதான் இருக்கும். கட்டி முடிக்காமல் கூடையில் வைத்திருப்பவர்களுக்கும் சில பேனல்களில் பழைய விலையே நிற்கும்.

அந்தப் பட்டியலோடு உடனே பொறுப்பாளரிடம் போங்கள். ஆர்டரை ரத்து செய்வதா, அந்த விலைக்கே அனுப்புவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக வாடிக்கையாளருக்கு எழுதாதீர்கள், ஆர்டரை நீக்கவும் வேண்டாம். என்ன எழுதினீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது மறைத்தீர்கள் என்ற மூன்றையும் சொன்னால் போதும். என் விஷயத்தில் பொறுப்பாளர் ஏழு பேரையும் தானே அழைத்துப் பேசினார். நான்கு பேர் ரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், மற்ற மூவருக்கும் 1-க்கே பொருள் போனது. அடுத்த வாரம் பேனல் செய்தவரிடம் சொல்லி, புதிய விலை பழையதில் பாதிக்கும் கீழே போனால் ‘உறுதிதானா?’ என்று கேட்கும் ஒரு பெட்டியைச் சேர்த்துவிட்டார். உங்கள் பேனலில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், சின்ன வேலைதான்.